கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க ஃபிளாட்டை வாரிசுகளின் பெயருக்கு மாற்றுதல் (மகாராட்டிரம்)

கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் உள்ள ஒரு ஃபிளாட்டின் உரிமையாளர் இறந்த பின், சங்கத்தில் அவருக்கு இருந்த பங்குகளையும் அந்த ஃபிளாட்டின் மீதான உரிமையையும் அவருடைய வாரிசுகளின் பெயருக்கு மாற்றும் நடைமுறை வாரிசு மாற்றம் எனப்படும். மும்பை, தாணே, புணே நகரங்களின் பெரும்பாலான அடுக்குமாடிக் குடியிருப்புகள் இத்தகைய சங்கங்களே. மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பகுதிகளில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வீடும் சங்க ஃபிளாட்தான். இக்கட்டுரை மகாராட்டிரச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்து உறுப்பினரின் ஃபிளாட் எவ்வாறு மாறுகிறது என்பதை விளக்குகிறது. முறையான உயில் இருந்தால் சொத்து அதன்படியே செல்லும். அதற்குரிய நடைமுறை வேறு. பிற சமயத்தினருக்கு வாரிசு யார், பங்கு எவ்வளவு என்பதும் மாறும்.

பங்குச் சான்றிதழும் ஃபிளாட்டும்

ஊரில் ஒருவர் வீட்டை விட்டுச் சென்றால் பட்டா, பத்திரம் என்று தேடுவார்கள். சங்க ஃபிளாட்டில் அதற்கு இணையாக இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று, ஃபிளாட்டை வாங்கியபோது பதிவு செய்த ஒப்பந்தம். மற்றொன்று, சங்கம் கொடுத்த பங்குச் சான்றிதழ். பழைய சங்கங்களில் ஆளுக்கு ஐந்து பங்குகள், ஒரு பங்கு 50 ரூபாய் என்று இருப்பது வழக்கம். 250 ரூபாய் முகமதிப்புள்ள அந்தத் தாளோடுதான் கோடி ரூபாய் ஃபிளாட்டின் உறுப்பினர் உரிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பின்பக்கம் உள்ள அட்டவணையில், பங்கு யாரிடமிருந்து யாருக்கு எந்த நாளில் மாறியது என்று எழுதிச் சங்கத்தின் தலைவரும் செயலாளரும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரும் கையெழுத்திடுவர். வாரிசு மாற்றம் சங்கத்தைப் பொறுத்தவரை முடிவடைவது அந்த ஒற்றை வரியில்தான்.

நாமினி உரிமையாளர் அல்லர்

உறுப்பினர் தம் காலத்துக்குப் பின் ஃபிளாட் தொடர்பாகச் சங்கம் யாரோடு பேச வேண்டும் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுப்பது நியமனம். அப்படி எழுதப்பட்டவர் நியமனதாரர், வழக்கில் நாமினி. இந்த நடைமுறையில் வரும் சண்டைகளுள் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருபவை என்றால் மிகையாகாது. நாமினிதான் அடுத்த உரிமையாளர் என்று குடும்பத்தினரும் நம்புகிறார்கள், சில சமயம் சங்கச் செயலாளர்களும் நம்புகிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காப்பீட்டுத் தொகை பற்றிய சர்பதி தேவி வழக்கில் 1984-லேயே உச்ச நீதிமன்றம், நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, அந்தப் பணம் வாரிசுகளுக்கு உரியது என்று கூறியது. மேற்கு வங்கக் கூட்டுறவுச் சங்க ஃபிளாட் ஒன்று பற்றிய இந்திராணி வாஹி வழக்கில் 2016-இல் அதே நீதிமன்றம், சங்கம் நாமினியின் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் பலர் நாமினிக்கே ஃபிளாட் என்று வாதிடுகிறார்கள். ஆனால் மற்ற வாரிசுகள் தங்கள் பங்குக்காக உரிய நீதிமன்றத்தை நாடத் தடையில்லை என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. அந்த வரியை விட்டுவிட்டுப் படிப்பதே குழப்பத்துக்குக் காரணம்.

மகாராட்டிரம் இந்தக் குழப்பத்தை 2019-இல் சட்டத்திலேயே தீர்த்துவிட்டது. 1960-ஆம் ஆண்டின் மகாராட்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதில் 154பி-13 என்ற பிரிவின்படி, உறுப்பினர் இறந்தால் நாமினியைச் சங்கம் தற்காலிக உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும். சட்டப்படியான வாரிசுகளோ உயிலால் உரிமை பெற்றவரோ உறுப்பினராகச் சேரும் வரைதான் அது செல்லும். நியமனமே இல்லையென்றால், வாரிசாகத் தோன்றும் ஒருவரை நிர்வாகக் குழு தற்காலிக உறுப்பினராக ஏற்கலாம். நிலையான மாற்றத்துக்கு உயில், நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ்கள், வாரிசுகள் தமக்குள் செய்துகொண்ட குடும்ப ஏற்பாட்டு ஆவணம் ஆகியவற்றுள் ஒன்று வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

செம்பூரில் ஒரு சங்கம். 1991-இல் உறுப்பினராகச் சேர்ந்த ஒருவர் அப்போது திருமணமாகாதவர். தம் சம்பாத்தியத்தில் வாங்கிய ஃபிளாட்டுக்குத் தம்பியை நாமினியாக எழுதிக் கொடுத்தார். பிறகு திருமணமாயிற்று, ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். படிவத்தை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2020-இல் அவர் உயில் எழுதாமல் இறந்தார். அப்போது அவருடைய மனைவி, மகன், மகள் ஆகியோருடன் வயதான தாயாரும் உயிரோடு இருந்தார். தந்தை முன்பே காலமானவர். கணக்கு எளிதாக இருக்க, ஃபிளாட்டின் மதிப்பு 1 கோடியே 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பி தன்னிடம் இருந்த நியமனப் படிவத்தின் நகலோடு சங்கத்துக்குச் சென்றார். 2019-இன் பிரிவுப்படி அவர் தற்காலிக உறுப்பினராக மட்டுமே சேர முடியும். அண்ணனின் ஃபிளாட்டில் அப்போது அவருக்கு ஒரு ரூபாய் உரிமையும் கிடையாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர். முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் உடன்பிறந்தோருக்கு இடமில்லை. எனவே நால்வருக்கும் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு, அதாவது 30 லட்சம் ரூபாய் மதிப்பு. தாய்க்குச் சமபங்கு உண்டு என்பதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. மனைவியும் பிள்ளைகளும் மட்டும் கையெழுத்திட்ட ஆவணத்தைச் சங்கம் ஏற்றுக்கொண்டு, பின்னர் தாய்வழி வந்த உரிமை எழுந்து சிக்கலாகும் நிகழ்வுகளின் வேர் இதுதான்.

அந்த ஆண்டே தாயார் தம் பங்கைப் பேரனுக்கும் பேத்திக்கும் விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரம் பதிவு செய்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். துக்க வீட்டில் பத்திரம் பேச யாரும் விரும்பவில்லை. பராமரிப்புத் தொகை மாதாமாதம் கட்டப்பட்டது, சங்கமும் எதுவும் கேட்கவில்லை. 2023-இல் தாயாரும் காலமானார், உயில் இல்லை.

இங்கேதான் கணக்கு கிளை விடுகிறது. தாயாருக்கு வந்திருந்த நான்கில் ஒரு பங்கு, இனி தாயாருடைய சொத்து. ஓர் இந்துப் பெண் உயிலின்றி இறந்தால் அவருடைய சொத்து முதலில் மகன்கள், மகள்கள், கணவர் ஆகியோருக்குச் செல்லும். முன்பே இறந்துபோன மகனின் பிள்ளைகள் தம் தந்தைக்கு வந்திருக்கக்கூடிய பங்கைத் தமக்குள் பிரித்துக்கொள்வர். தாயாருக்குப் பிள்ளைகள் மூவர்: இறந்த மூத்த மகன், நாமினியான தம்பி, திருநெல்வேலியில் வாழும் மகள். எனவே 30 லட்சம் மூன்றாகப் பிரிகிறது. தம்பிக்கு 10 லட்சம், அத்தைக்கு 10 லட்சம், மூத்த மகனின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 10 லட்சம். மருமகளுக்கு இந்தப் பகுதியில் ஒன்றும் இல்லை.

முடிவில் ஃபிளாட்டை 24 பாகமாகக் கொண்டால் மனைவிக்கு 6, மகனுக்கு 7, மகளுக்கு 7, தம்பிக்கு 2, அத்தைக்கு 2. நாமினியாக இருந்தபோது எந்த உரிமையும் இல்லாத தம்பி, நியமனத்தோடு தொடர்பே இல்லாத வேறொரு வழியில், தாயின் மகன் என்ற முறையில், உண்மையிலேயே பன்னிரண்டில் ஒரு பங்குக்கு உரியவராகிவிட்டார். நான்கு கையெழுத்தில் முடியக்கூடியது ஐந்து கையெழுத்தாயிற்று. அவற்றுள் இரண்டு வீட்டுக்கு வெளியே உள்ளவர்களுடையவை.

2024-இல் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஒரு கட்டுமான நிறுவனத்தோடு சங்கம் பேச்சு நடத்தியது. புதிய ஃபிளாட்டுக்கான ஒப்பந்தம் யார் பெயரில், கட்டி முடியும் வரை தரும் மாத வாடகை யார் பெயரில் என்ற கேள்வி வந்தபோதுதான் குடும்பம் விழித்துக்கொண்டது. பெரும்பாலான நிலுவை மாற்றங்கள் இப்படித்தான், விற்பனையோ மறுகட்டுமானமோ வரும்போது வெளிச்சத்துக்கு வருகின்றன.

விடுதலைப் பத்திரம்

வாரிசுகளுள் ஒருவர் தம் பங்கை மற்ற வாரிசுகளுக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணம் விடுதலைப் பத்திரம். மும்பையில் ரிலீஸ் டீட் என்றே கேட்பார்கள். ஃபிளாட் அசையாச் சொத்து என்பதால் இது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். முத்திரைத் தாளில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கிய ஆட்சேபமின்மைக் கடிதம் சங்கத்தின் கோப்புக்குப் பயன்படலாம், உரிமையை மாற்றாது. கடிதம் கொடுத்தவரோ அவருடைய பிள்ளைகளோ பிற்காலத்தில் பங்கு கேட்டால் அந்தக் கடிதம் தாங்காது. மலிவாக முடிகிறது என்பதற்காகப் பலரும் கடிதத்தோடு நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்பது தவறு.

விலை வாங்காமல் விட்டுக்கொடுத்தால், சட்டம் குறிப்பிடும் நெருங்கிய உறவுகளுக்கு இடையே மகாராட்டிரத்தில் முத்திரைத் தீர்வை சில நூறு ரூபாய்தான். பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தால் அது விற்பனை போலக் கருதப்பட்டு, அந்தப் பங்கின் மதிப்புக்கு வழக்கமான தீர்வை உண்டு. எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் இரண்டும் நிகழ்ந்தன. அத்தை ஒன்றும் வேண்டாமென்று விட்டுக்கொடுத்தார். தம்பி 10 லட்சம் கேட்டார். அது நியாயமா என்பது குடும்பத்தின் விவாதம். சட்டப்படி கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அவருடைய பத்திரத்துக்கு அந்தப் பங்கின் அளவில் தீர்வை கட்டப்பட்டது. ஒரே பத்திரத்தில் இருவரையும் சேர்த்து எழுதாமல் தனித்தனியாக எழுதியதால் தீர்வைக் கணக்கில் குழப்பம் வரவில்லை.

திருநெல்வேலியிலிருந்து அத்தை மும்பைக்கு வர இயலவில்லை. அவர் தம் ஊர்ச் சார்பதிவாளர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அந்த அலுவலர் சான்றளித்த பொது அதிகாரப் பத்திரத்தை மும்பையில் உள்ள ஒருவருக்கு அனுப்பினார். அதைக் கொண்டு பதிவு நடந்தது. பதிவுக்குப் பயன்படும் அதிகாரப் பத்திரத்துக்கு வெறும் நோட்டரி முத்திரை போதாது என்பதை முன்பே அறிந்திருந்தால் ஒரு மாத அலைச்சல் மிஞ்சும்.

வாரிசுகளுள் பதினெட்டு வயது நிரம்பாதவர் இருந்தால் அவருடைய பங்கைத் தாயோ தந்தையோ தாமாக விட்டுக்கொடுக்க முடியாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியின்றி எழுதிய பத்திரத்தை அந்தப் பிள்ளை பெரியவனான பின் எதிர்க்கலாம்.

சங்கத்தில் நடப்பது

மாதிரி உபவிதிகளின்படி நாமினியோ வாரிசுகளோ இறப்பு நிகழ்ந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்தால் உரிமை போய்விடாது. கேள்விகள் கூடும், அவ்வளவே. விண்ணப்பத்தோடு இறப்புச் சான்றிதழ், பங்குச் சான்றிதழின் மூலம், பதிவு ஒப்பந்தத்தின் நகல், வாரிசுகளின் பிரமாணப் பத்திரம், விடுதலைப் பத்திரம் ஆகியவை சேரும். பிற்காலத்தில் வேறு யாரேனும் உரிமை கோரிச் சங்கத்துக்கு இழப்பு வந்தால் அதைத் தாம் ஏற்பதாக எழுதித் தரும் இண்டெம்னிட்டி பாண்டும் உண்டு. வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் மூல ஆவணங்கள் வங்கியிடம் இருக்கும். முதலில் அங்கே செல்ல வேண்டும்.

நியமனம் இல்லாத நேரத்தில் சங்கம் ஒரு பொது அறிவிப்பு வெளியிடும். இறப்புச் செய்தி கிடைத்த ஒரு மாதத்துக்குள், அறிவிப்புப் பலகையிலும் பரவலாக விற்பனையாகும் இரண்டு உள்ளூர் நாளிதழ்களிலும் உரிமை கோருவோர் முன்வருமாறு அழைக்க வேண்டும். செலவை விண்ணப்பதாரரிடம் வாங்கிக்கொள்ளலாம். மும்பை நாளிதழ்களின் உட்பக்கங்களில் நெருக்கமாக அச்சாகும் அந்தச் சிறு கட்டங்கள் இவையே. வெளிநாட்டில் உள்ள வாரிசின் கண்ணில் அது படுமா என்பது வேறு விஷயம். ஆகவே அறிவிப்புக்கு எதிர்ப்பு வரவில்லை என்பது வேறு வாரிசு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கோரிக்கைகளைப் பார்த்து யார் உறுப்பினர் என்று நிர்வாகக் குழு முடிவு செய்யும். இரண்டு பேர் முரண்பட்டு வந்தால் யார் சொல்வது உண்மை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. நீதிமன்றச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்று சொல்வதே சரியான வழி. மகாராட்டிரத்தில் வாரிசுச் சான்றிதழ் 1827-ஆம் ஆண்டின் பம்பாய் ஒழுங்குமுறைப்படி நீதிமன்றம் வழங்குவது. தமிழ்நாட்டில் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழை ஊரிலிருந்து வாங்கி வந்து நீட்டுவோர் உண்டு. உறவுமுறையைக் காட்டும் துணை ஆவணமாக அது உதவும். சண்டை இருக்கும் இடத்தில் நீதிமன்றச் சான்றிதழுக்கு ஈடாகாது.

கட்டணம் பற்றிச் சங்கங்கள் சில அளவுக்கு மீறிக் கேட்பதுண்டு. மாதிரி உபவிதிகளின்படி மாற்றக் கட்டணம் 500 ரூபாய், நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். ஃபிளாட்டை வெளியாளுக்கு விற்கும்போது வாங்கும் பிரீமியம், மாநகராட்சிப் பகுதியில் 25,000 ரூபாய் வரை, வாரிசுக்கும் நாமினிக்கும் மாற்றுகையில் கிடையாது. நன்கொடை என்ற பெயரில் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இறந்தவர் பெயரில் உள்ள பராமரிப்புப் பாக்கியைத் தீர்த்தாக வேண்டும். சங்கம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, கூட்டுறவுச் சங்கப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழியாக இழுத்தடிக்கும் சங்கத்துக்கு எதிராக எடுக்க வேண்டிய முதல் அடி, விண்ணப்பத்தை நேரில் கொடுத்து நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குவது.

பெயரில் வரும் சிக்கல்

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு தடங்கல் உண்டு. தமிழர் பெயரில் குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்துத்தான். மும்பையில் படிவம் நிரப்பும்போது ஒருவர் அந்த எழுத்தைத் தந்தையின் பெயராக விரித்து முன்னால் எழுதுவார், இன்னொருவர் அதையே குடும்பப் பெயராக்கிப் பின்னால் எழுதுவார், மூன்றாவது இடத்தில் எழுத்தோடு நின்றுவிடும். பங்குச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், இறப்புச் சான்றிதழில் மற்றொரு பெயர் என்று வந்துவிட்டால், மூவரும் ஒருவரே என்று நிறுவும் வேலை வாரிசுகளுடையது. வழக்கமாக, இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று வாரிசு ஒரு பிரமாணப் பத்திரம் தருவார். இறப்பைப் பதியும்போதே பங்குச் சான்றிதழில் உள்ளபடி பெயரைச் சொன்னால் இந்தச் சிக்கல் எழாது. மயானத்துக்குப் போகும் அவசரத்தில் அதை யார் நினைக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

இரண்டு பெயர் உள்ள ஃபிளாட்

பங்குச் சான்றிதழில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால், ஒருவர் இறந்ததும் முழு ஃபிளாட்டும் மற்றவருக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. வாங்கிய ஒப்பந்தத்தில் இருவரும் கூட்டாக வாங்கியிருந்தால், உயிரோடு இருப்பவரின் பாதி அவரிடமே இருக்கும். இறந்தவரின் பாதிதான் வாரிசுகளிடையே பிரியும், அந்தப் பாதியில் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்து, வசதிக்காக இன்னொருவரைச் சங்கத்தில் இரண்டாம் பெயராகச் சேர்த்திருந்தால் நிலைமை வேறு. பணம் யாருடையது, எதற்காகச் சேர்த்தார்கள் என்பதெல்லாம் கேள்வியாகும். சங்கச் சான்றிதழை மட்டும் பார்க்காமல் பதிவு ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டியது அதனால்தான்.

மாற்றத்துக்குப் பின்

எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் இரண்டு விடுதலைப் பத்திரங்களும் பதிவானபின் மனைவி, மகன், மகள் மூவரும் கூட்டாக விண்ணப்பித்தனர். மனைவியின் பெயர் முதலிலும் பிள்ளைகளின் பெயர் அடுத்தும் சான்றிதழின் பின்பக்கம் ஏறின. நாமினியின் தற்காலிக உறுப்பினர் நிலை அன்றோடு முடிந்தது. உறுப்பினர் பதிவேட்டிலும் திருத்தம் செய்யப்பட்டதா என்று நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட நகலை வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழில் ஏறிப் பதிவேட்டில் ஏறாமல் விடுபடுவது அரிதன்று. அதன்பிறகு மாநகராட்சியின் சொத்து வரிக் கணக்கு, மின் இணைப்பு, குழாய் எரிவாயு ஆகியவற்றில் பெயர் மாற்ற இந்தச் சான்றிதழின் நகலே போதுமானதாக இருந்தது. மூவரும் அதே நாளில் புதிய நியமனப் படிவங்களையும் நிரப்பிக் கொடுத்தனர்.